அத்தான் அனுப்பும் மெசேஜை வாடிக்கையாளருக்கு அறிவிப்பாக மாற்றுவது எப்படி? (காசி யாத்திரை, விமான நேரம் மாறியிருக்கிறது)

நிலா_கும்பகோணம்

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா வீட்டுக்காரர் கும்பகோணத்தில் சின்னதாக ஒரு டிராவல்ஸ் நடத்துகிறார். வருஷத்துக்கு நான்கைந்து முறை காசி, கயா அழைத்துப் போவார். வாடிக்கையாளர்களுக்குத் தகவல் அனுப்புவது மட்டும் என் வேலை. அத்தான் எங்கேயாவது பைக்கில் போய்க்கொண்டே எனக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவார். அதை நான் ஒழுங்காக எழுதி அனுப்ப வேண்டும்.

ஆகஸ்ட் 20 கிளம்பும் குழுவில் 34 பேர். முக்கால்வாசிப் பேர் அறுபது தாண்டியவர்கள். நேற்று அத்தான் அனுப்பியது இது, அப்படியே போடுகிறேன்:

> நிலா 20 காலை ஃபிளைட்ட சாயங்காலம் மாத்திட்டாங்க 5.15. பஸ் நைட் வேணாம் காலைல போதும். ஆரத்தி அன்னிக்கு முடியாது அப்பறம் பாத்துக்கலாம். ரூம் பழையபடி. யாரும் டென்ஷன் ஆக வேணாம்னு போட்டுரு

நான் எழுதி வைத்திருப்பது இது. இன்னும் அனுப்பவில்லை:

> மதிப்பிற்குரிய யாத்ரீகப் பெருமக்களுக்கு வணக்கம். தவிர்க்க இயலாத சில காரணங்களால் தங்களது விமானப் பயண நேரத்தில் மாற்றம் செய்யப்பட்டுள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். யாரும் பதற்றமடையத் தேவையில்லை. விமானம் 5.15 மணிக்குப் புறப்படும். பேருந்து காலையில் புறப்படும். கங்கா ஆரத்தி பின்னர் ஏற்பாடு செய்யப்படும். தங்களது ஒத்துழைப்பை நாடுகிறோம்.

அக்கா படித்துவிட்டு "கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்கிறாள். எங்கே தப்பு, சொல்லுங்கள்.

ரயில்பயணி

முதலில் ஒன்று. விமான நேரத்தை மாற்றினால் ஏர்லைன்ஸ் நஷ்டஈடு தர வேண்டும், சட்டம் இருக்கிறது. அறிவிப்பில் அதைப் போடுங்கள். "உங்களுக்கு நஷ்டஈடு பெற்றுத் தருவோம்" என்று ஒரு வரி இருந்தால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

சுந்தரி_அம்மா_மகள்

நான் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். போன வருஷம் அம்மாவை ஒரு டிராவல்ஸில் அனுப்பினோம், பெயர் வேண்டாம். அவர்கள் அனுப்பிய மெசேஜும் இப்படித்தான், "பதற்றமடையத் தேவையில்லை" என்று ஆரம்பித்தது. அதுவரை அம்மாவுக்குப் பதற்றமே இல்லை. அந்த வரியைப் படித்ததும் என்னமோ ஆகிவிட்டது என்று இரவு 10 மணிக்கு எனக்குப் போன். விஷயம் என்ன தெரியுமா? ஹோட்டல் ஒரு தெரு தள்ளி மாறியிருக்கிறது. அவ்வளவுதான்.

இன்னொன்று, "சில காரணங்களால்" என்று போட்டால் எங்களுக்கு முதலில் தோன்றுவது பணப் பிரச்சினை. டிராவல்ஸ்காரர் டிக்கெட்டுக்குப் பணம் கட்டவில்லையோ என்றுதான் நினைப்போம்.

யாத்திரை_மணி

நிலா, நான் 20 வருஷத்துக்கு மேல் வடநாட்டு யாத்திரைக்குக் கூட்டிப்போன ஆள். இப்போது ஓய்வு. உங்கள் வரைவின் மொழியைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். எனக்கு வேறொன்று உறுத்துகிறது. 19ஆம் தேதி இரவுப் பேருந்து இல்லை என்று அதில் எங்கேயும் இல்லை.

பழைய திட்டப்படி 19 இரவுதானே கும்பகோணத்திலிருந்து பஸ்? சென்னைக்கு 300 கிலோமீட்டர், காலை விமானம் என்றால் முதல்நாள் இரவு கிளம்பித்தான் ஆக வேண்டும். வயதானவர்கள் அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்பார்கள். நீங்கள் "பேருந்து காலையில் புறப்படும்" என்று எழுதினால், 'இரவில் ஏறினால் காலையில் சென்னையில் புறப்படும்' என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளவும் ஆள் இருக்கும். 19 இரவு 11 மணிக்கு நான்கு பேர் பெட்டியோடு பஸ் நிற்கும் இடத்தில் வந்து நிற்பார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

மாற்றம் என்றால் புதியதைச் சொன்னால் மட்டும் போதாது. பழையது எது செத்தது என்றும் சொல்ல வேண்டும்.

அப்புறம் நஷ்டஈடு விஷயம். ரயில்பயணி சொல்வது பாதி சரி. முன்கூட்டியே தகவல் கொடுக்காமல் கடைசி நேரத்தில் ரத்து செய்தால்தான் அந்தப் பேச்சு. இங்கே 11 நாள் முன்னதாகச் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் வேறு விமானத்தில் இடம், அல்லது டிக்கெட் பணம் திரும்ப, அவ்வளவுதான் வரும். அதுவும் 34 பேர் என்றால் குரூப் கட்டணத்தில் எடுத்திருப்பார், அதன் நிபந்தனை தனி. தெரியாமல் வாக்குக் கொடுத்தால் நாளை உங்கள் அத்தான் கைக்காசைப் போட வேண்டிவரும். ஆறுதல் சொல்வதாக நினைத்து அறிவிப்பில் பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதிவிடாதீர்கள், கையில் உறுதியாக இருந்தால் தவிர.

ரயில்பயணி

சரி, ரத்துக்கும் நேரமாற்றத்துக்கும் வித்தியாசம் இருப்பதை மறந்துவிட்டேன். ஆனால் பணம் திரும்ப வாங்கும் உரிமை இருக்கும்போது அதை வாடிக்கையாளரிடம் மறைப்பது நியாயமா?

யாத்திரை_மணி

மறைக்கச் சொல்லவில்லை. யாராவது "எனக்கு இந்த நேரம் சரிப்படாது" என்றால் போனில் பேச வேண்டிய விஷயம் அது. டிக்கெட் பணம் வந்தாலும் ஏஜென்ட் கணக்குக்குத்தான் முதலில் வரும். ரூம், பஸ், சாப்பாடு என்று கட்டிய முன்பணம் வேறு கணக்கு. இரண்டையும் ஒரு வரியில் குழப்பினால் சண்டை.

சுந்தரி_அம்மா_மகள்

இதில் நான் ரயில்பயணி பக்கம். விலகும் வாய்ப்பு இருக்கிறது என்று ஒரு வரியாவது எழுத வேண்டும். கேட்டால்தான் சொல்வேன் என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

பிழைதிருத்தி

நான் பத்திரிகையில் மெய்ப்புப் பார்ப்பவன். மொழியை மட்டும் பேசுகிறேன்.

அத்தானின் மெசேஜில் இருக்கும் "மாத்திட்டாங்க" என்ற சொல்லைப் பாருங்கள். யார் மாற்றினார்கள்? பேச்சுத் தமிழில் இந்த "ங்க" ஒரு வசதியான திரை. கரண்ட் போனதிலிருந்து விலை ஏறியது வரைக்கும் யாரோ செய்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். நேரில் பேசும்போது குரலில் அர்த்தம் புரிந்துவிடும். எழுத்தில் புரியாது. நீங்கள் அதை அப்படியே செயப்பாட்டு வினையாக்கி "மாற்றம் செய்யப்பட்டுள்ளது" என்று எழுதிவிட்டீர்கள். திரை அப்படியே இருக்கிறது, பட்டுத்துணியில் தைத்ததுதான் வித்தியாசம். "விமான நிறுவனம் நேரத்தை மாற்றியிருக்கிறது" என்று எழுவாயைப் போடுங்கள். சந்தேகத்துக்கு அங்கேயே இடம் இல்லாமல் போகும்.

இரண்டாவது "பாத்துக்கலாம்". அத்தான் வாயில் அது அன்பு. 'நான் இருக்கேன், விடு' என்று அர்த்தம். அதை நீங்கள் "பின்னர் ஏற்பாடு செய்யப்படும்" என்று எழுதியதும் அன்பு போய்விட்டது, தகவலும் வரவில்லை. இந்த மாதிரிச் சொற்களை மொழிபெயர்க்க முடியாது நிலா. அவை தகவல் இருக்க வேண்டிய இடத்தில் விழுந்த ஓட்டை. கொஞ்சம், அப்பறம், பழையபடி, காலைல எல்லாமே அப்படித்தான். எழுத உட்காருவதற்கு முன் அத்தானுக்குப் போன் போட்டு ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு கேள்வி கேளுங்கள். எத்தனை மணிக்கு? எந்த நாள்? யார் சொன்னது? ரூம் பழையபடி என்றால் அதே ரூமா, அதே வாடகையா?

"தங்களது", "பெருமக்களுக்கு" எல்லாம் வேண்டாம். "உங்கள்" போதும். மரியாதை வினைமுற்றிலேயே இருக்கிறது.

ஷாஜி_புதுக்கோட்டை

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. அத்தாவும் அம்மாவும் உம்ரா போக வேண்டியது. சென்னையிலிருந்து விமானம் இரவு 12.40. ஏஜென்ட் அனுப்பிய மெசேஜ்: "உங்க ஃபிளைட் 15ஆம் தேதி நைட் 12.40". நாங்கள் 15ஆம் தேதி மத்தியானம் புதுக்கோட்டையில் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கார் ஏறி இரவு 9 மணிக்கு ஏர்போர்ட் போய் நின்றோம். விமானம் முந்தின இரவே போய்விட்டது. 14ஆம் தேதி இரவு முடிந்து 12 மணி அடித்ததும் டிக்கெட்டில் 15 ஆகிவிடுகிறது. மெசேஜில் சொன்னது எல்லாம் சரிதான், ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் 15 நைட் என்றால் 14 நைட் என்று புரிந்துகொள்ள மாட்டோம்.

அத்தா அன்றைக்கு ஏர்போர்ட் வாசலில் தரையில் உட்கார்ந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது.

இப்போது ஊரில் யார் கேட்டாலும் நான் சொல்வது, வரவேண்டிய நேரத்தை எழுதுங்கள். "14ஆம் தேதி வியாழன் இரவு 8.30க்கு ஏர்போர்ட்டில் இருங்கள். நள்ளிரவு தாண்டி விமானம் கிளம்பும், அதனால் டிக்கெட்டில் 15 என்று இருக்கும்." இப்படி இருந்தால் தப்பவே தப்பாது.

நிலா_கும்பகோணம்

ஷாஜி அண்ணா, படிக்கவே சங்கடமாக இருக்கிறது. எங்கள் விமானம் நள்ளிரவு இல்லை, ஆனால் நான் வெறும் 5.15 என்று எழுதியிருக்கிறேன், மாலையா விடியற்காலையா என்றுகூட இல்லை. இப்போதுதான் பார்க்கிறேன்.

மணி அண்ணா சொன்னது போலப் பழைய பஸ் 19 இரவு 11 மணிதான்.

டூர்பிரியன்

அருமையான டிரிப்! பேக்கேஜ் எவ்வளவு? இரண்டு பேருக்கு இடம் இருக்கிறதா? கயாவும் சேர்த்தா?

நிலா_கும்பகோணம்

அய்யோ, இது விளம்பரம் இல்லை. இடமும் இல்லை, குழு நிறைந்துவிட்டது. மெசேஜ் எழுதுவதைப் பற்றிக் கேட்டிருக்கிறேன்.

யாத்திரை_மணி

ஷாஜி தம்பி சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்களுக்கு விமான நேரம் இரண்டாம் பட்சம். அவர்கள் வீட்டை விட்டு எப்போது இறங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும், இதுதான் முதல். விமான நேரத்தை முதலில் போட்டால் அவரவர் பின்னோக்கிக் கணக்குப் போட ஆரம்பிப்பார்கள். 5.15க்கு விமானம் என்றால் நான் 4 மணிக்கு வந்தால் போதாதா என்று ஒருவர் கேட்பார். கவுன்ட்டர் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும் என்று அவருக்கு யார் சொல்வது?

அத்தானிடம் கேட்க வேண்டியவற்றில் இரண்டைச் சேர்க்கிறேன். ஒன்று, விமான எண் மாறியதா, முனையம் மாறியதா. சென்னையில் உள்நாட்டு விமானங்கள் ஒரே முனையத்திலிருந்து போவதில்லை. பெரிய நேரமாற்றம் என்றால் பெரும்பாலும் காலை விமானத்தை எடுத்துவிட்டு ஆட்களைச் சாயங்கால விமானத்தில் ஏற்றியிருப்பார்கள், எண்ணும் மாறியிருக்கும். அப்படியானால் உங்கள் ஆட்கள் முன்பு பிரிண்ட் எடுத்துப் பூஜை அறையில் வைத்திருக்கும் டிக்கெட் செல்லாது. ஏர்போர்ட் வாசலில் பாதுகாப்புப் படைக்காரர் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பார்த்துத்தான் உள்ளே விடுவார். வயதானவர் பழைய தாளை நீட்டி அங்கே நின்றால் மொத்தக் குழுவும் நிற்கும்.

இரண்டு, எல்லோரும் கும்பகோணத்தில்தான் ஏறுகிறார்களா?

நிலா_கும்பகோணம்

அத்தானிடம் இப்போதுதான் முக்கால் மணி நேரம் பேசினேன். "நீ என்ன சிஐடியா" என்றார். ஆனால் கேட்டது நல்லதாகப் போயிற்று.

விமான எண் மாறியிருக்கிறது. புது டிக்கெட் வந்துவிட்டது. பஸ் 20ஆம் தேதி காலை 5.30, அதே இடம். விழுப்புரத்துக்கு முன்பு காலைச் சாப்பாடு, தாம்பரம் பக்கம் மதியச் சாப்பாடு, இரண்டும் நம் செலவு. விமான நிலையத்தில் 2.30க்கு இருக்க வேண்டும். காசிக்கு இரவு 8 மணிவாக்கில் போய்ச்சேரும், அங்கிருந்து ஊருக்குள் 25 கிலோமீட்டர். அறைக்குப் போக 9.30 ஆகிவிடும். ஆரத்தியை 22ஆம் தேதி மாலைக்கு வைக்கலாம் என்கிறார். கயாவில் திதி கொடுக்கும் நாள் மாறவில்லை.

34 பேரில் 8 பேர் நேராகச் சென்னை விமான நிலையத்துக்கு வருகிறார்கள். நான் ஒரே மெசேஜை எல்லோருக்கும் அனுப்ப இருந்தேன்!

யாத்திரை_மணி

22 என்ன நிகழ்ச்சி?

நிலா_கும்பகோணம்

பிரயாக்ராஜ் போய்த் திரும்புவது.

யாத்திரை_மணி

அப்படியானால் 22 வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லுங்கள். பிரயாக்ராஜ் ஒருவழியே 120 கிலோமீட்டருக்கு மேல். சங்கமத்தில் குளித்து, படகு ஏறி இறங்கி, சாப்பிட்டுத் திரும்பும்போது வாரணாசி நெரிசலில் மாட்டினால் ஆரத்தி போயே போச்சு. ஒரே விஷயத்துக்கு இரண்டாவது முறை 'மாற்றம்' என்று அறிவிப்பு அனுப்பினால் அப்புறம் நீங்கள் எழுதும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். 21 மாலை என்ன?

நிலா_கும்பகோணம்

21 காலை விசுவநாதர், விசாலாட்சி, அன்னபூரணி. மாலை கடைவீதி, ஓய்வு என்று இருக்கிறது.

யாத்திரை_மணி

அங்கே வையுங்கள். கடைவீதியை மத்தியானத்துக்குத் தள்ளினால் போகிறது. பட்டுப்புடவைக் கடைக்காரன் எங்கேயும் ஓடிவிட மாட்டான்.

கயா நாள் மாறவில்லை என்பதை அறிவிப்பில் மேலேயே சொல்லிவிடுங்கள். இந்த வயதுக்காரர்கள் போவதே அதற்காகத்தான். நேரம் மாறியது என்று கேள்விப்பட்டதும் மனதில் ஓடும் முதல் கேள்வி, "அப்பாவுக்குத் திதி கொடுக்கிற நாள் தவறிப்போகுமா?" அதற்குப் பதில் சொல்லிவிட்டால் நீங்கள் 'பதற வேண்டாம்' என்று எழுதவே வேண்டியதில்லை.

ஷாஜி_புதுக்கோட்டை

ஆகஸ்டில் கங்கையில் வெள்ளம் இருக்குமே. நண்பர் ஒருவர் போனபோது படகே விடவில்லை, ஆரத்தியை மாடியில் வைத்து எடுத்தார்கள். அதையும் இப்போதே சொல்லிவிடலாமே?

யாத்திரை_மணி

உண்மைதான். தண்ணீர் படித்துறைப் படிகளை மூடிவிட்டால் ஆரத்தியைப் பக்கத்து மொட்டைமாடிக்கு ஏற்றிவிடுவார்கள், படகையும் நிறுத்திவிடுவார்கள். ஆனால் அது விமான நேரமாற்றத்தால் வந்ததில்லை. இந்த அறிவிப்பில் அதைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தனியாக, கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு, ஆற்று நிலை பார்த்துச் சொல்லலாம்.

சுந்தரி_அம்மா_மகள்

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் மணி சார். ஆரத்தி 21 மாலை என்று நிச்சயமாக எழுதிவிட்டு, போய்ப் பார்த்தால் படகு இல்லை என்றால் அம்மா மாதிரி ஆட்கள் ஏமாந்துவிட்டதாகத்தான் சொல்வார்கள். அரை வரி போதும்.

பிழைதிருத்தி

எழுதும் சொல்லிலேயே இதற்கு வழி இருக்கிறது. "21 மாலை கங்கா ஆரத்திக்குப் போகிறோம்" என்றால் போவது உங்கள் கையில். "படகிலிருந்து ஆரத்தி காண்பீர்கள்" என்றால் அது ஆற்றின் கையில். உங்கள் கையில் இருப்பதை மட்டும் திட்டவட்டமாக எழுதுங்கள்.

நிலா_கும்பகோணம்

இரண்டு அறிவிப்பாக எழுதியிருக்கிறேன். கும்பகோணத்தில் ஏறும் 26 பேருக்கு இது:

> *காசி யாத்திரை, ஆகஸ்ட் 20 குழு: கும்பகோணத்தில் ஏறுபவர்களுக்கு*
> (அனுப்பிய நாள்: ஆகஸ்ட் 10, காலை 11 மணி)
>
> வணக்கம். சென்னை – காசி விமானத்தின் நேரத்தை விமான நிறுவனம் காலையிலிருந்து மாலைக்கு மாற்றியிருக்கிறது. யாத்திரை அதே ஆகஸ்ட் 20 தொடங்குகிறது. *கயாவில் திதி கொடுக்கும் நாள் மாறவில்லை.* ஊர் திரும்பும் நாளும் மாறவில்லை.
>
> *19ஆம் தேதி புதன் இரவுப் பேருந்து கிடையாது. அன்று இரவு வீட்டில் தூங்குங்கள்.*
> *20ஆம் தேதி வியாழன் காலை 5.30 மணிக்குப் பேருந்து கிளம்பும். 5 மணிக்கு அதே இடத்துக்கு வந்துவிடுங்கள்.*
>
> காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் வழியில் நாங்கள் தருகிறோம். மாத்திரை, இன்சுலின் கைப்பையிலேயே இருக்கட்டும். விமானம் மாலை 5.15. இரவு 9.30 மணியளவில் காசியில் நம் அறைக்குப் போய்விடுவோம். அறை, நீங்கள் கட்டிய தொகை இரண்டிலும் மாற்றம் இல்லை.
>
> முதல் நாள் இருந்த கங்கா ஆரத்திக்கு 21ஆம் தேதி மாலை போகிறோம். அன்றைய கடைவீதி மதியத்துக்கு மாறுகிறது.
>
> முன்பு கொடுத்த விமான டிக்கெட் இனிச் செல்லாது. புதிய டிக்கெட்டைப் பேருந்தில் உங்கள் கையில் தருவோம். ஆதார் அட்டையை மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.
>
> படித்ததும் உங்கள் பெயரைப் போட்டு "சரி" என்று பதில் அனுப்புங்கள். இந்த நேரம் உங்களுக்குச் சரிப்படாவிட்டால் 12ஆம் தேதிக்குள் போன் செய்யுங்கள், என்ன செய்யலாம் என்று பேசலாம்.

சென்னைக்காரர்களுக்கு உள்ளதில் பஸ் பேச்சே இல்லை. "20ஆம் தேதி மதியம் 2.30க்கு விமான நிலையத்தில்" என்று தொடங்கி, முனையம், எந்த வாசல், அங்கே நிற்கப்போகும் நம் ஆளின் போன் எண், புது டிக்கெட் வாட்ஸ்அப்பில், அவ்வளவுதான்.

பிழைதிருத்தி

"அன்று இரவு வீட்டில் தூங்குங்கள்" நன்றாக இருக்கிறது. உங்கள் முதல் வரைவில் இல்லாத மனுஷக் குரல் அங்கே வந்துவிட்டது. தொடாதீர்கள்.

ஒரு திருத்தம். தடித்த எழுத்து அதிகம். தலைப்பையும் சேர்த்து நான்கு இடம். கயா வரியையும் பஸ் வரிகளையும் விட்டுவிட்டுத் தலைப்பிலிருந்து உடுக்குறியை எடுத்துவிடுங்கள். எல்லாம் தடித்திருந்தால் எதுவும் தடித்ததில்லை.

ரயில்பயணி

ஒரு 'வருந்துகிறோம்' கூட இல்லையே?

யாத்திரை_மணி

தப்பு விமான நிறுவனத்துடையது, இவர் ஏன் வருந்த வேண்டும்? நான் போட மாட்டேன்.

சுந்தரி_அம்மா_மகள்

காலை 3.30க்கு எழுந்து 5 மணிக்கு வந்து நிற்பது அறுபத்தெட்டு வயது அம்மா. "சிரமம்தான், புரிகிறது" என்று ஒரு வரி எழுதினால் யார் தலையும் இறங்கிவிடாது.

ஷாஜி_புதுக்கோட்டை

அனுப்பும் முறையையும் கவனியுங்கள். குரூப்பில் போட்டால் கீழே 20 பேர் குட்மார்னிங் போட்டு அறிவிப்பை மேலே தள்ளிவிடுவார்கள். பிராட்காஸ்ட் லிஸ்டில் அனுப்பினால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். சேமிக்காதவருக்குப் போகாது, போகவில்லை என்று உங்களுக்கும் பெரிதாகத் தெரியாது.

இவ்வளவு நீளமான மெசேஜ் போனில் பாதியில் மடிந்து `Read more` என்று நிற்கும். அதைத் தொடாதவர்கள் நிறைய. நல்லவேளை, உங்கள் பஸ் நேரம் மேல் பாதியில் வந்துவிட்டது.

யாத்திரை_மணி

ஆமாம். அதோடு அதே விஷயத்தை அத்தான் குரலில் ஒரு நிமிஷத்துக்குள் வாய்ஸ் மெசேஜாகவும் போடச் சொல்லுங்கள். கண்ணாடி தேடுகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள். ஆனால் எழுத்தில் இருப்பதையே பார்த்துப் படிக்க வேண்டும். அவர் பாட்டுக்கு "ஒரு அஞ்சு, அஞ்சரைக்கு வந்துருங்க" என்று ஆரம்பித்தால் உங்கள் வேலை எல்லாம் வீண்.

நிலா_கும்பகோணம்

நேற்று அனுப்பிவிட்டேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. "காலையில் இவ்வளவு சீக்கிரம் எழ வேண்டியிருப்பது சிரமம்தான்" என்று ஒரு வரியைச் சேர்த்தேன், மணி அண்ணா மன்னிக்கவும்.

இன்று மாலைக்குள் 31 பேர் "சரி" போட்டுவிட்டார்கள். மற்ற மூன்று பேரையும் போனில் பிடித்தேன். ஒருவர் எண்ணே மாறியிருந்தது, அவர் மருமகள் எண் இப்போது கிடைத்தது. இன்னொருவர் படித்திருக்கிறார், நீல டிக் இருந்தது, ஆனால் "19 ராத்திரி எத்தனை மணிக்கும்மா வரணும்?" என்றார்! வாய்ஸ் மெசேஜை மட்டும் கேட்டிருக்கிறார். அத்தான் அதில் 19 இரவு பஸ் இல்லை என்பதைச் சொல்ல விட்டுவிட்டார். மறுபடி பேசி அனுப்ப வைத்தேன். மூன்றாமவர் கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு இரவு ரயில் எடுத்து வைத்திருப்பவர். காலை 6 மணிக்கு இறங்கி மதியம் வரை எங்கே இருப்பது என்று கேட்டார். அதற்கு என் அறிவிப்பில் பதில் இல்லை. தாம்பரத்தில் குழு சாப்பிடும் இடத்துக்கே வந்துவிடச் சொல்லியிருக்கிறோம், ஆனால் அதுவரை ஆறு மணி நேரம் அவர் ஸ்டேஷனில்தான் உட்கார வேண்டும்.

கயா மாறிவிட்டதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இப்போது அத்தானிடமிருந்து அடுத்தது வந்திருக்கிறது:

> நிலா ரிட்டர்ன் ஃபிளைட்லயும் ஏதோ மாத்தப்போறாங்களாம் இன்னும் கன்ஃபர்ம் ஆகல. சொல்லிரலாமா

யாத்திரை_மணி

வேண்டாம். உறுதியாகும் வரை வாயைத் திறக்காதீர்கள். 34 பேரும் தினமும் போன் செய்வார்கள்.

சுந்தரி_அம்மா_மகள்

திரும்பும் நாள் மாறவில்லை என்று நேற்றுத்தானே எழுத்தில் கொடுத்திருக்கிறீர்கள்? அதை நம்பி யாராவது சென்னையிலிருந்து ஊருக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டால்? "திரும்பும் விமான நேரம் பற்றி 14ஆம் தேதி சொல்கிறோம், அதுவரை ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள்" என்று இரண்டு வரி அனுப்புங்கள்.

யாத்திரை_மணி

14ஆம் தேதியும் விமான நிறுவனம் பதில் சொல்லாவிட்டால்?

சுந்தரி_அம்மா_மகள்

அப்போது 14ஆம் தேதி அதையே சொல்லுங்கள்.

நிலா_கும்பகோணம்

கோயம்புத்தூர்க்காரர் உட்பட நேராகச் சென்னைக்கு வரும் 8 பேருக்கு மட்டும் இப்போது போன் செய்து ரயில் டிக்கெட்டைப் பற்றிக் கேட்கப் போகிறேன். கும்பகோணத்துக்கு நம் பஸ்ஸே இருக்கிறது, அவர்களுக்கு இன்று எதுவும் சொல்லப்போவதில்லை. சரியா தப்பா தெரியவில்லை. அத்தான் "பாத்துக்கலாம்" என்கிறார்.